ஒரே தாளில் தொழில் கணக்கு: வீடு தேடிப் போகும் சைக்கிள் சர்வீஸை வைத்துக் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்கே போய் சைக்கிள் சர்வீஸ் செய்துதரும் தொழிலை யோசித்திருக்கிறேன். ஒரு பக்க மாதிரி ஒன்றைப் பார்த்தேன், ஒன்பது கட்டம் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: நீங்கள் பார்த்தது, ஒரு தொழில் எப்படி நடக்கும் என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்க அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர் என்ற தொழில் ஆலோசகர் உருவாக்கிய ஒன்பது கட்ட வரைபடமாக இருக்கும். முதல் தடவைக்கு ஐந்து கட்டம் போதும். தாளைக் குறுக்காக வையுங்கள். மேலே வலது ஓரத்தில் வாடிக்கையாளர், இடது ஓரத்தில் நீங்கள் தரும் பயன், இரண்டுக்கும் நடுவே அவர்களைச் சென்றடையும் வழி. கீழே இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு.

வாடிக்கையாளரிலிருந்து ஆரம்பித்துப் பயன், வழி என்று போய், வரவையும் செலவையும் கடைசியில் நிரப்புங்கள். பென்சிலில் எழுதுங்கள். நேரில் பார்த்தோ கேட்டோ உறுதிசெய்யாத ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். முதல் நாள் தாளில் பாதிக்கு மேல் கேள்விக்குறியாகத்தான் இருக்கும். அப்படி இல்லையென்றால் ஊகத்தை உண்மையென்று எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: முதல் கட்டத்தில் "சைக்கிள் வைத்திருக்கும் எல்லோரும்" என்று எழுதினேன். யாரையும் ஏன் விட வேண்டும்?

பதில்: அந்த வரி அடுத்த கட்டத்தை எழுத விடாது. தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் இல்லாவிட்டாலும் சிரமம். பிள்ளையின் சைக்கிள் என்றால் ஒரு வாரம் மூலையில் நிற்கும், யாரும் கவலைப்படுவதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பயனை எழுத முடியாது. ஒருவரை எடுத்துக்கொண்டு, "அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார், தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறார், பிரேக் பிடிக்கவில்லை என்றாலும் கடையில் விட நேரமில்லாமல் தள்ளிப்போடுகிறார்" என்று எழுதுங்கள். மற்றவருக்குத் தனித் தாள்.

கேள்வி: பயன் என்றால் நல்ல தரம், நியாயமான விலை. இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?

பதில்: இரண்டும் வேண்டியவைதான், ஆனால் எதிர்க்கடைக்காரரும் அதே இரண்டைத்தான் எழுதுவார். வாடிக்கையாளர் இப்போது என்ன செய்து சமாளிக்கிறார் என்று பாருங்கள். கடையில் விட்டு இரண்டு நாள் காத்திருக்கிறார், அல்லது பழுதோடேயே ஓட்டுகிறார். இந்த இரண்டாவது ஆளைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. "வாசலிலேயே 45 நிமிடத்தில் முடியும், மறுநாள் காலை வேலைக்கு ஓட்டிப் போகலாம்" என்பது அவருக்கான வரி. நேரத்தோடு எழுதினால், உங்களால் அதைச் செய்ய முடிகிறதா என்று நீங்களே சோதித்துப் பார்த்துவிடலாம்.

கேள்வி: வழி என்றால் விளம்பரம்தானே? என் தொழில் சைக்கிள் இல்லை, துணிப்பை தைத்து விற்கிறேன், இணையத்தில் என் பக்கத்தை நிறையப் பேர் பார்க்கிறார்கள். அந்தக் கட்டம் எனக்கு முடிந்த மாதிரிதான்.

பதில்: விளம்பரம் அந்தக் கட்டத்தில் முதல் வரி மட்டும். எப்படித் தெரிந்துகொள்கிறார், எப்படிப் பணம் கொடுக்கிறார், பை எப்படிக் கைக்குப் போகிறது, தையல் பிரிந்தால் யாரிடம் வருகிறார் என்று நான்கையும் எழுதுங்கள். பார்க்கிறவர்கள் நிறைய, வாங்குகிறவர்கள் குறைவு என்றால் சிக்கல் இரண்டாவது, மூன்றாவது வரியில் இருக்கும். அனுப்பும் செலவு பை விலையில் பாதி ஆகிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: சைக்கிள் விஷயத்துக்கு வருவோம். ஒரு சர்வீஸுக்கு 100 வாங்கினால், பொருள் செலவு 15 போக 85 லாபம். கணக்கு சரிதானே?

பதில்: பொருள் செலவைக் கழித்தது சரி. போகவர ஆகும் செலவும் நேரமும் விட்டுப்போயின. இந்தத் தொழிலைத் தீர்மானிப்பதே அவைதான்.

ஒரு நாளுக்கு 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டிலிருந்து அடுத்ததற்கு 30 நிமிடப் பயணம், எரிபொருள் 10. வேலை 45 நிமிடம். வீடு திரும்பும் அரை மணியையும் சேர்த்தால் 6 சைக்கிள்தான் முடியும். 7 பயணத்துக்கு 70, ஆளுக்குச் சுமார் 12. ஆக ஒரு சர்வீஸில் கையில் நிற்பது 73, நாளுக்கு 438.

இப்போது வழியை மட்டும் மாற்றுங்கள். ஒரே குடியிருப்பில் முன்பதிவு வாங்கி, நாள் முழுக்க அங்கேயே வேலை. குடியிருப்புச் சங்கத்துக்கு சர்வீஸுக்கு 10 கமிஷன். போகவர ஒரு மணி நேரம், செலவு 20. மீதி நேரத்தில் 9 சைக்கிள். ஒன்றில் கையில் நிற்பது அதே 73தான், ஆனால் நாளுக்கு 657.

மாதா மாதம் நிலையாக ஆகும் செலவு 800, உங்கள் சம்பளம் 4,000, மொத்தம் 4,800 என்று வையுங்கள். 73 வீதம் 66 சர்வீஸ் செய்தால்தான் கட்டுப்படியாகும். வீடு வீடாகப் போனால் 11 நாள், குடியிருப்பில் 8 நாள். சம்பளத்தைச் செலவுக் கட்டத்தில் எழுதாதவர்களுக்கு 11 சர்வீஸிலேயே லாபம் வந்துவிட்ட மாதிரி தெரியும். உங்களுக்குப் பதில் ஓர் ஆளை வைக்கிற அன்றைக்குத்தான் உண்மை வெளியே வரும்.

கேள்வி: நான் இதே மாதிரி வேறொரு வேலை செய்கிறேன். 9 பேர் பதிவு செய்தால் 9 சைக்கிளும் கீழே வந்து நிற்காது. மூன்று பேர் வீட்டிலேயே இருக்க மாட்டார்கள். உங்கள் கணக்கு அதைப் பார்க்கவில்லையே?

பதில்: உண்மைதான், அதைச் சேர்க்காமல் விட்டது என் தவறு. 6 சைக்கிள் மட்டும் வந்தால் பயணச் செலவு ஆளுக்கு 3 ஆகும், கையில் நிற்பது 72, நாளுக்கு 432. வீடு வீடாகப் போவதைவிட ஒரு படி கீழே. 7 வந்தால் 504, அப்போது மேல். ஆகவே இந்தத் தாளில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்விக்குறி "ஒரு நாளில் 7 பேர் சொன்னபடி வருவார்களா?" என்பதுதான். கருவிகள் வாங்கும் முன்பே சோதிக்கலாம்: ஒரு குடியிருப்பில் அறிவிப்பு வைத்து, பதிவுக்கு 20 முன்பணம் கேளுங்கள். "நல்ல யோசனை" என்று சொன்னவர்களை எண்ண வேண்டாம், முன்பணம் கொடுத்தவர்களை எண்ணுங்கள்.

கேள்வி: சந்தாவாக வாங்கினால் என்ன? ஆண்டுக்கு 4 சர்வீஸ், மொத்தமாக 320. மொத்தப் பணமும் முதலிலேயே கைக்கு வந்துவிடுமே.

பதில்: வந்த அன்றைக்கு 320-ஐயும் வரவு என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு சர்வீஸ் முடிந்த பிறகு 80 எழுதுங்கள், மீதி நீங்கள் செய்து கொடுக்க வேண்டிய வேலை. மேலே பார்த்தபடி 100-ல் 73 நிற்கிறது என்றால் சர்வீஸுக்குச் செலவு 27. நான்கு முறையும் கூப்பிட்டால் 212 நிற்கும், தனித்தனியாக வாங்கியிருந்தால் 292. சந்தா இல்லாவிட்டால் அதே ஆள் இரண்டு முறைதான் கூப்பிடுவார் என்றால் உங்களுக்கு வருவது 146, அப்போது சந்தாவே மேல். ஆனால் உங்கள் நேரமும் இரண்டு மடங்கு போகும். நாட்கள் காலியாக இருக்கும்வரை சந்தா நல்லது, நிரம்பிய பிறகு அதே சந்தா பாரமாகலாம் என்பது என் எண்ணம். அவர்கள் ஆண்டுக்கு எத்தனை முறை கூப்பிடுவார்கள் என்பது தெரியும்வரை அந்த வரிக்குப் பக்கத்திலும் கேள்விக்குறி இருக்கட்டும்.