மாதம் நாலாயிரம் ரூபாயின் கணக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு 63 வயது. தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன், பென்ஷன் கிடையாது. மியூச்சுவல் ஃபண்டில் ஒரு கோடி ரூபாய் இருக்கிறது, பாதி பங்கு, பாதி கடன் பத்திரம். ஆண்டுக்கு ஐந்து லட்சம் எடுத்து, விலைவாசிக்கு ஏற்றபடி கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். சந்தை விழுந்தால் பத்து சதவீதம் குறைத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறான் மகன். மாதம் நாலாயிரம் மிச்சம் பிடித்தா ஒரு கோடியைக் காப்பாற்றுவது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மகன் சொல்வது அமெரிக்கர்களான ஜொனாதன் கைட்டனும் வில்லியம் கிளிங்கரும் 2006-இல் வகுத்த விதி. எடுக்கும் தொகை, கையில் மீதமுள்ள பணத்தில் எத்தனை சதவீதம் என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தொடங்கிய விகிதத்தைவிட அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருந்தால் தொகையில் பத்து சதவீதம் வெட்டு. அதே அளவு இறங்கியிருந்தால் பத்து சதவீதம் கூட்டு. நீங்கள் 5 சதவீதத்தில் தொடங்குவதால் 6 மேல் வேலி, 4 கீழ் வேலி. இது போக, நட்டத்தில் முடிந்த ஆண்டுக்குப் பிறகு விகிதம் தொடக்கத்தைவிட உயர்ந்திருந்தால் விலைவாசிப் படியும் கிடையாது.

உங்கள் ஒரு கோடியை 2007 டிசம்பர் கடைசியில் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம். சென்செக்ஸ் அப்போது 20,286. ஐந்து லட்சத்தைக் கடன் ஃபண்டிலிருந்து எடுத்துவிட்டீர்கள். ஓராண்டில் சென்செக்ஸ் 9,647. பங்கில் இருந்த 50 லட்சம் 24 லட்சமாகிவிட்டது. கடன் ஃபண்டு 7 சதவீதம் தந்தது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 72 லட்சம். ஐந்து லட்சம் இப்போது அதில் 6.9 சதவீதம், மேல் வேலியைத் தாண்டிவிட்டது. விலைவாசிப் படி இல்லை, அதற்கு மேல் பத்து சதவீத வெட்டும் உண்டு. அந்த ஆண்டு உங்களுக்கு 4.5 லட்சம்தான்.

2009-இல் சந்தை 81 சதவீதம் எழுந்தது. மொத்தம் சுமார் 90 லட்சம் ஆகியிருக்கும். விகிதம் மீண்டும் 5. விலைவாசி 9 சதவீதம் ஏறியதாகக் கொண்டால் மூன்றாம் ஆண்டில் 4.9 லட்சம் எடுப்பீர்கள், அதாவது 5.4 சதவீதம்.

வெட்டாமல், படியையும் விடாமல் எடுத்திருந்தால்? இரண்டாம் ஆண்டு 5.45 லட்சம், மூன்றாம் ஆண்டு 5.94 லட்சம். கையில் இருப்பது சுமார் 89 லட்சம். இரண்டு வழிக்கும் இடையே இருப்பில் உள்ள வித்தியாசம் ஒரு லட்சம்தான். அந்த அளவில் நீங்கள் கேட்டது நியாயமே. ஆனால் விகிதத்தைப் பாருங்கள்: வெட்டினால் 5.4, வெட்டாவிட்டால் 6.7. காரணம், வெட்டிய தொகை அந்த ஆண்டோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த ஆண்டின் விலைவாசிப் படி வெட்டிய தொகையின் மேல்தான் ஏறுகிறது, அதற்கடுத்ததும் அப்படியே. மிச்சமாகும் நாலாயிரம் சின்னத் தொகைதான்; இனி வரும் ஒவ்வோர் ஆண்டின் தேவையும் அடியிலிருந்தே இறங்கிவிடுவதுதான் பணத்தை நீடிக்க வைக்கிறது. வெட்டின் வலியும் அதே காரணத்தால் நீடிக்கும் என்பதை விற்பனைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. சந்தை மீண்டுவிட்டது, உங்கள் பழைய வாங்கும் சக்தி மீளவில்லை.

2008 போல விழுந்து உடனே எழுந்தால் இந்த விதி அழகாக வேலை செய்யும். விலைவாசி ஏறிக்கொண்டே இருக்க, சந்தை பல ஆண்டுகள் சோர்ந்து கிடந்தால்தான் ஆபத்து. 1966-இல் ஓய்வு பெற்ற அமெரிக்கர் ஒருவரை இந்த விதிக்குள் வைத்துக் கணக்கிட்டால் வெட்டுக்கு மேல் வெட்டு விழுகிறது; வாங்கும் சக்தி பாதி அளவுக்குப் போய்விடுகிறது. பணம் தீரவில்லை என்று ஏட்டில் வெற்றியாக எழுதிக்கொள்ளலாம். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்ல முடியாது.

ஆகவே முதலில் வெட்ட முடியாத செலவைத் தனியே எழுதுங்கள்: வாடகை, மருந்து, மளிகை, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம். ஆண்டுக்கு அது இரண்டரை லட்சம் ஆகிறது என்றால், கடன் ஃபண்டில் இருப்பதில் 30 லட்சம் வரை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். தனிநபருக்கு 2023 முதல் அதுதான் உச்சவரம்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். வட்டி விலைவாசியோடு ஏறாது என்பது அதன் குறை. மீதி 70 லட்சத்தின் மேல் மட்டும் வேலியைப் போடுங்கள். அப்போது வெட்டு விழுவது பயணத்தின் மேலும் பேரன் பேத்திக்கு வாங்கும் பரிசின் மேலும்தான்.

இன்னொன்று. மாதாமாதம் தானாக எடுக்கும் எஸ்.டபிள்யூ.பி. வைத்திருந்தால் அதற்கு இந்த விதியெல்லாம் தெரியாது. யூனிட் விலை 50 ரூபாயாக இருந்தபோது நாற்பதாயிரத்துக்கு 800 யூனிட் விற்றது, 25 ஆனால் சத்தமில்லாமல் 1,600 விற்கும். தொகையை மாற்ற, பெரும்பாலும் பழைய உத்தரவை ரத்து செய்து புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். ஆண்டில் ஒரு தேதியைக் குறித்து அன்று மட்டும் கணக்குப் பாருங்கள்; மார்ச் மாதச் சரிவைக் கண்டு மார்ச்சிலேயே வெட்டுவது விதியில் இல்லை.

திட்டக் காலத்தின் கடைசி 15 ஆண்டுகளில் வெட்டே கூடாது என்றும் கைட்டன், கிளிங்கர் விதி சொல்கிறது. 90 வயது வரை என்று நீங்கள் திட்டமிட்டால், 75-க்குப் பிறகு மகன் என்ன சொன்னாலும் தொகையைக் குறைக்க வேண்டாம்.