மூன்றாம் இடத்தில் வந்தவர்களில் யார் மேல்?

சாட்ஸ்வொர்த்திலிருந்து: எங்கள் சாக்கர் போட்டியில் ஒரு குரூப்பில் ஐந்து அணி, மற்ற இரண்டிலும் நான்கு. மூன்றாம் இடத்தில் வந்தவர்களில் ஒருவரைத்தான் மேலே அனுப்ப முடியும். எப்படித் தேர்வு செய்வது?

பெரிய குரூப்பில் கடைசியாக வந்த அணியோடு ஆடிய ஆட்டத்தை, கோல்களையும் சேர்த்து, கழித்துவிடுங்கள். உதாரணமாக, பெரிய குரூப்பின் மூன்றாம் அணிக்கு நான்கு ஆட்டத்தில் 6 புள்ளி, சின்ன குரூப்பின் மூன்றாம் அணிக்கு மூன்று ஆட்டத்தில் 4 என்று வையுங்கள். சராசரி பார்த்தால் 1.5க்கு 1.33, பெரிய குரூப்காரர் முந்துகிறார். ஆனால் அந்த 6இல் 3 கடைசி அணியை அடித்து வாங்கியது என்றால், கழித்தபின் 3தான் மிச்சம், இப்போது 4 புள்ளிக்காரர்தான் மேலே. எனக்குக் கழிக்கும் முறைதான் சரியாகப்படுகிறது, ஏனென்றால் ஐந்தாவதாக ஒரு பலவீனமான அணி கிடைத்த அதிர்ஷ்டம் சராசரியில் அப்படியே தங்கிவிடும். ஆனால் ஒன்று, இந்தக் கழித்தல் குரூப்களை ஒப்பிட மட்டும்தான், குரூப்புக்குள் யார் எந்த இடம் என்பதை அதை வைத்து மாற்றக்கூடாது. எந்த முறை என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி நாளில் சண்டைதான்.

லெனேசியாவிலிருந்து: வேறு யாரோ ஆடிய ஆட்டத்தால் ஒரு அணி மேலே போக முடியுமா?

போயிருக்கிறது. யூரோ 2016 தகுதிச்சுற்றில் எட்டு குரூப்பில் ஆறு அணி, ஒன்றில் ஐந்து. மூன்றாம் இடத்தில் வந்தவர்களில் முதலாமவருக்கு நேரடித் தகுதி, மற்றவர்களுக்கு பிளே-ஆஃப். குரூப் அளவு வேறுபட்டதால், ஒப்பிடும்போது ஆறாம் இடத்து அணியோடு ஆடியதைக் கழித்தார்கள். துருக்கி கஜகஸ்தானை இரண்டு முறையும் வென்றிருந்தது, லாட்வியாவோடு இரண்டும் டிரா. மொத்தம் 18 புள்ளி. கஜகஸ்தான் கடைசியானால் 6 போய் 12, லாட்வியா கடைசியானால் 2 மட்டும் போய் 16. கடைசி நாளில் கஜகஸ்தான் ரிகாவில் லாட்வியாவை 1-0 என்று வென்றதும் லாட்வியா கீழே போனது, ஐஸ்லாந்தை வென்றிருந்த துருக்கி நேரடியாகத் தகுதி பெற்றது, ஹங்கேரி பிளே-ஆஃபுக்குப் போனது. இந்த முறையின் குறை இதுதான்: யார் கடைசி என்பது முடிவாகும்வரை உங்கள் புள்ளியே நிலையாக இருக்காது.

ஃபீனிக்ஸிலிருந்து: எல்லா குரூப்பும் ஒரே அளவு என்றால் பிரச்சினை இல்லையே?

ஆட்ட நாள் இருக்கிறதே. 2019 ஆப்பிரிக்கக் கோப்பையில் குரூப் எல்லாம் ஒரே அளவு, மூன்றாம் இடத்தில் வந்தவர்களில் சிலர் மட்டும் மேலே. மூன்றாவதாக வந்த நம்ம தென்னாப்பிரிக்க அணி பஃபானா ஒரு வெற்றி, இரண்டு தோல்வி, 3 புள்ளி, கோல் வித்தியாசம் -1. கென்யாவுக்கும் 3தான், ஆனால் -4. அடுத்த நாள் அங்கோலா மாலியிடம் 1-0 என்று தோற்றதால்தான் நாம் மேலே போனோம், டிரா செய்திருந்தால் அந்தக் குரூப்பின் மூன்றாம் அணி 3 புள்ளி, வித்தியாசம் 0 என்று நம்மைத் தள்ளியிருக்கும். கடைசியாக ஆடும் குரூப்புக்கு எத்தனை புள்ளி போதும் என்பது முன்பே தெரியும், முதலில் ஆடி முடித்தவர் காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் போட்டியில் மைதானம் போதுமென்றால் எல்லா குரூப்பின் கடைசி ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.