பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு என்ன வாழ்த்து அனுப்பலாம்?

"பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். படிக்கட்டில் ஒருமுறை பார்த்துச் சிரித்ததோடு சரி. ஒரு வாழ்த்து அனுப்ப வேண்டும், ஆனால் வலியப் போய் ஒட்டிக்கொள்வது போல இருக்கக் கூடாது. எப்படி எழுதுவது?"

கேள்விக்குறியே இல்லாமல் எழுதுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். "எல்லாம் செட்டாகிவிட்டதா? வீட்டில் எத்தனை பேர்? எப்போது வந்து பார்க்கலாம்?" என்று அன்பாகத்தான் கேட்கிறோம், ஆனால் சுற்றிலும் பிரிக்காத அட்டைப்பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது 3 பதில் எழுதும் வேலை. அதிலும் "எப்போது வரலாம்" என்பது, வீட்டை ஒழுங்குபடுத்தி வை என்று சொல்லாமல் சொல்வது.

அடுத்தது, தெரியாததைத் தெரிந்ததாக எழுதிவிடுவது. "சொந்த வீடு வாங்கியதற்கு வாழ்த்துகள்" என்று அனுப்பி, அவர்கள் வாடகைக்கு வந்தவர்களாக இருந்தால் இரு பக்கமும் சங்கடம். "குடும்பத்தோடு நலமாக வாழ்க" என்பதும் அப்படித்தான், தனியாக வந்திருக்கலாம். "குடிவந்ததற்கு" என்றால் யாருக்கும் பொருந்தும். வயதைக் கண்ணால் அளந்து அக்கா, அங்கிள் என்று முதல் செய்தியிலேயே உறவு வைக்க வேண்டாம், வெறும் "வணக்கம்" போதும்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். பக்கத்து வீட்டிலிருந்து (உங்கள் பெயர்). புது வீட்டுக்குக் குடிவந்ததற்கு வாழ்த்துகள், எல்லாம் நல்லபடியாக அமையட்டும். இங்கே குப்பை எடுக்க செவ்வாயும் வெள்ளியும் காலை 7 மணிக்கு வருவார்கள். ஏணி, ட்ரில் எங்களிடம் இருக்கிறது, தேவைப்பட்டால் சொல்லுங்கள். பதில் போட அவசரமில்லை, முதலில் சாமான்களை அடுக்குங்கள்."

இதில் வாழ்த்து ஒரே வரிதான். அதை இரண்டு மூன்று வரிக்கு நீட்டினால் அச்சடித்த அட்டை வாசகம் போல ஆகிவிடும். பிரியம் தெரிவது குப்பை வரியில்தான், ஏனென்றால் புதிதாக வந்தவருக்கு முதல் வாரத்திலேயே தேவைப்படுவது அது. (நாளும் நேரமும் உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.) "எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், ஏணி என்று பெயர் சொன்னால் கேட்பது எளிது.

குடிவந்த அன்றே அனுப்பாமல் 2, 3 நாள் விடுங்கள். அப்புறம், அவர்களுடைய எண் அவர்களே கொடுத்ததா? குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீங்களாக எடுத்தது என்றால் தனிச்செய்தி வேண்டாம், இதையே ஒரு சீட்டில் கையால் எழுதிக் கதவிடுக்கில் வைத்துவிடுங்கள். அழைப்புமணி அடிக்க வேண்டாம். சீட்டின் அடியில் உங்கள் எண் இருந்தால், பேசுவதா வேண்டாமா என்பது அவர்கள் கையில்.

பதிலுக்கு ஒரு கும்பிடு எமோஜி மட்டும் வந்தால், அதற்கு மேல் எதுவும் அனுப்பாதீர்கள். அடுத்த முறை படிக்கட்டில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம்.