"Changed my mind" என்று மட்டும் அழுத்திவிடாதீர்கள்

கேள்வி: ஜப்பானில் இருக்கும் ஒருவரிடம் இபே வழியாகப் பழைய 50 எம்.எம். லென்ஸ் வாங்கினேன். விலை 240 டாலர், ஷிப்பிங் 30 டாலர், இங்கே சுங்கத்துக்குத் தனியாக 9,000 ரூபாய். விளம்பரத்தில் பூஞ்சை இல்லை என்று தெளிவாகப் போட்டிருந்தார். வந்த லென்ஸில் பூஞ்சை. கைக்கு வந்து 17 நாள் ஆகிறது. தினமும் மெசேஜ் அனுப்புகிறேன், 'சாரி சார்' என்றே பதில் வருகிறது. 60 டாலர் தருகிறேன் என்றார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது, 'Changed my mind' என்று காரணம் போட்டு ரிட்டர்ன் கொடுங்கள், முழுப் பணமும் தருகிறேன் என்கிறார். ஆசையாக வாங்கிய பொருள், மனசே விட்டுப் போய்விட்டது. இந்த ஆள் மேல் கன்ஸ்யூமர் கோர்ட்டில் கேஸ் போட முடியுமா?
— வாசகர், கோவை

பதில்: போடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். ஆனால் ஆணை உங்கள் பக்கம் வந்தாலும், ஜப்பானில் இருக்கும் தனிநபரிடமிருந்து 270 டாலரை வசூலிக்க அங்கே ஒரு வக்கீலை வைக்க வேண்டும். அந்த வக்கீல் கட்டணத்தில் இன்னும் சில லென்ஸ் வாங்கிவிடலாம். கோர்ட்டை மறந்துவிடுங்கள். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா, எத்தனை முறை சாரி சொன்னார் என்பதையும் மறந்துவிடுங்கள். உங்கள் வழக்கு ஒரே வரியில் இருக்கிறது: விளம்பரத்தில் பூஞ்சை இல்லை என்றிருக்கிறது, பொருளில் பூஞ்சை இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டிய இடம் இபேயின் ரிட்டர்ன் பக்கம். பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாள் கெடு. உங்களுக்கு மிச்சம் 13 நாள்.

அந்தப் பக்கத்தில் முதலில் கேட்கப்படுவது காரணம். பார்த்தால் சாதாரணப் பட்டியல் போல இருக்கும். நான் அதை வாக்குமூலமாகத்தான் பார்க்கிறேன். "Doesn't match description or photos" என்பதைத் தேர்ந்தெடுத்தால் தவறு விற்றவருடையது. "ரிட்டர்ன் கிடையாது" என்று அவர் விளம்பரத்தில் போட்டிருந்தாலும் செல்லாது. திருப்பி அனுப்பும் செலவு அவருடையது, நீங்கள் முதலில் கட்டிய 30 டாலர் ஷிப்பிங்கும் திரும்ப வரும். "Changed my mind" என்றால் பொருளில் குறை எதுவும் இல்லை, எனக்குத்தான் வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். ரிட்டர்ன் கிடையாது என்று போட்டவர் அதை அப்படியே மறுக்கலாம். ஏற்றுக்கொண்டாலும் பொதுவாகப் பொருளின் விலைதான் வரும், இரண்டு பக்க ஷிப்பிங்கும் உங்கள் தலையில் விழும்.

அப்புறம் அவர் ஏன் அதையே போடச் சொல்கிறார்? விவரிப்புக்கு மாறான பொருள் என்று வரும் ரிட்டர்ன்களை இபே விற்பனையாளரின் கணக்கில் எண்ணி வைக்கிறது. எண்ணிக்கை ஏறினால் அவருக்குத்தான் கஷ்டம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, தன் கணக்கைக் காப்பாற்றிக்கொள்கிறார், அவ்வளவுதான். அதற்கு உங்கள் பணத்தை ஏன் பணயம் வைக்க வேண்டும்?

மெசேஜில் முழுப் பணம் தருவதாக எழுதியிருக்கிறாரே என்பீர்கள். என்னிடம் வந்த ஒருவர் இதே நம்பிக்கையில் ஐரோப்பாவுக்கு ஒரு ஃபிலிம் கேமராவைத் தன் செலவில் திருப்பி அனுப்பினார். பொருள் போய்ச் சேர்ந்ததும், கீறல் விழுந்திருக்கிறது என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் விற்றவர் அனுப்பினார். இவர் இபேயிடம் போனபோது அங்கே நின்றது இவரே தேர்ந்தெடுத்த காரணம்தான். மனம் மாறியதாகச் சொன்னவர் பொருளில் குறை என்று பிறகு வாதாட முடியவில்லை.

அடுத்த ஆபத்து படங்கள். பூஞ்சையை மட்டும் பெரிதாக எடுத்து ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். விற்பனையாளர் ஒரே வரியில் கவிழ்ப்பார்: "இது நான் அனுப்பிய லென்ஸே இல்லை." ஆகவே முதல் படம் சீரியல் நம்பராக இருக்கட்டும். பழைய லென்ஸ்களில் பெரும்பாலும் முன் வளையத்திலேயே பொறித்திருக்கும். விளம்பரப் படத்திலும் அது தெரிகிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை வரிகளோடு இன்றே சேமித்து வையுங்கள். பிறகு அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, கறுப்புத் துணிக்கு எதிரே வைத்து முன்பக்கத்திலிருந்து எடுங்கள். பூஞ்சை என்றால் சிலந்தி வலை போலக் கிளைவிட்ட இழைகள் தெரியும். தெரிவது வெறும் புள்ளிகள் மட்டும் என்றால் அது பெரும்பாலும் தூசி, உங்கள் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். நம்பரையும் இழைகளையும் ஒரே மேஜையில், ஒரே துணியின் மேல் அடுத்தடுத்து எடுங்கள். விளக்கப் பெட்டியில் மூன்று வாக்கியம் போதும்: விளம்பரம் என்ன சொன்னது, எந்தக் கண்ணாடியில் என்ன இருக்கிறது, எந்தப் படத்தில் அது தெரிகிறது. தாமதம், மனவேதனை எதுவும் வேண்டாம். எதிர்மறை ஃபீட்பேக் போடுவேன் என்று மிரட்டினால் விதிமீறல் உங்கள் பக்கம் வந்துவிடும்.

லென்ஸை மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து பார்க்காதீர்கள். ஒரு திருகில் தடம் விழுந்தாலும், வாங்கியவர்தான் கெடுத்தார் என்பார்கள். இப்போதைக்கு வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

ரிட்டர்ன் போட்ட பிறகு அவருக்கு 3 வேலைநாள் அவகாசம். தீர்வு வராவிட்டால் இபேயைத் தலையிடச் சொல்லும் பொத்தானை அழுத்துங்கள். 'கேஸை மூடுங்கள், நாளை பணம் போடுகிறேன்' என்று மெசேஜ் வரும். மூடியதை மறுபடி திறக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பணம் கணக்கில் வராமல் மூடாதீர்கள். கார்டு வங்கியில் பண மீட்புக் கோரிக்கையும் கூடவே போட்டுவைக்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். போட்டால் இபே தன் கேஸை மூடிவிடும். ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது.

இனி கசப்பான பகுதி. முழு வெற்றி கிடைத்தாலும் வருவது 270 டாலர். நீங்கள் சுங்கத்தில் கட்டிய 9,000 ரூபாய் அதில் இல்லை. சுங்கச் சட்டத்தில் 26ஏ, 74 என்று திரும்பக் கேட்க இரண்டு பிரிவுகள் உண்டு. பொருளைத் திருப்பி அனுப்புகிறவரை இரண்டுமே அதை முறையாக மறு ஏற்றுமதி செய்து, அடையாளம் நிரூபித்து, காகிதம் சுமக்கச் சொல்பவை. இந்தத் தொகைக்கு நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

ஆகவே கறாராகக் கணக்குப் பாருங்கள். இழைகள் ஓரத்தில் மட்டும் என்றால் சுத்தம் செய்துவிடலாம். லென்ஸை வைத்துக்கொண்டு, அவர் சொன்ன 60-ஐ 100 டாலராக உயர்த்திக் கேளுங்கள். 90-க்கு இறங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள், என் அறிவுரை சமாதானம்தான். ஆனால் அந்தத் தொகை ரிட்டர்ன் பக்கத்திலேயே பகுதிப் பணமாக வர வேண்டும், வெளியே பேசியதாக அல்ல. ஏற்றுக்கொண்டால் கேஸ் அதோடு முடிந்தது, பிறகு நடுக்கண்ணாடியிலும் பூஞ்சை கண்டேன் என்று வரமுடியாது. பூஞ்சை ஏற்கெனவே நடுவில் கண்ணாடியை அரித்திருந்தால் பேரம் பேசாதீர்கள், திருப்பி அனுப்புங்கள். அப்போது சுங்கப் படிவத்தில் 'திரும்பிய பொருள்' என்று உண்மை விலையோடு எழுதி, டிராக்கிங் உள்ள சேவையில், அவர் ஷிப்பிங் பணத்தைக் கொடுத்த பிறகு அனுப்புங்கள். கிஃப்ட் என்று எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.