ரீல்ஸ்: ரசிப்பா, தப்பித்தலா?

"வெள்ளவத்தை ரூமுக்கு வந்தால் இரவு ஒரு மணி வரை ரீல்ஸ்தான். ரசிக்கிறேனா, சோதனைக்குப் பயந்து ஒளிகிறேனா?"

போனை எடுப்பதற்கு முந்திய நிமிடத்தைப் பாருங்கள். மணிக்கணக்கு அதைச் சொல்லாது. பாஸ்பேப்பரில் ஒரு கணக்கு சிக்கியதும் கை போனுக்குப் போனால், தப்பித்தல்தான். பதற்றம் அந்தக் கணமே தணிவதால்தான் பழக்கம் இறுகுகிறது. கணக்கு அப்படியே கிடப்பதால், போனை வைத்ததும் பதற்றம் திரும்பிவிடும்.

ஒரு கிழமைக்கு, திறக்கமுன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பதற்றம் பத்துக்கு எத்தனை என்று முன்னும் பின்னும் குறியுங்கள். ஒரே பாடம் திரும்பத் திரும்ப வந்தால், அதில் ஒரு கேள்வியைப் பத்து நிமிடம் செய்துவிட்டு ரீல்ஸைப் பாருங்கள். ரீல்ஸை மட்டும் பூட்டினால் கை கேமுக்குத் தாவும்.

பஸ்ஸில் நசுங்கி வந்து அரை மணி சிரித்துப் பார்ப்பதைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் நித்திரையும் சாப்பாடும் கெட்டு இரண்டு கிழமையாகச் சோர்வென்றால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள்.