வயிற்றின் தோற்றமும் கருப்பையின் உயரமும்

"முதல் பிரசவம், 30 வாரம். மன்னார்குடிப் பக்கம். வயிறு சின்னதாக இருக்கிறது, பிள்ளை வளரவில்லையோ என்று மாமியார் கேட்கிறார். பயமாக இருக்கிறது."

வெளியில் தெரியும் வயிறு பிள்ளையின் அளவைச் சொல்லாது, அம்மா. முதல் கர்ப்பத்தில் வயிற்றுத் தசை இறுக்கமாக இருப்பதாலும், உயரமான பெண்களுக்குக் கருப்பை மேல்நோக்கி வளர இடம் இருப்பதாலும், நல்ல வளர்ச்சியுள்ள பிள்ளையும் வெளியே சிறிதாகத் தெரியலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, மல்லாந்து படுக்கவைத்து, கருப்பையின் உச்சியைக் கையால் தேடி, அங்கிருந்து அடிவயிற்று எலும்பின் மேல்விளிம்பு வரை டேப் வைத்து அளப்பார். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அளவு கூடிவிடும். சுமார் 24 வாரத்திற்குப் பிறகு இந்த சென்டிமீட்டர் வார எண்ணிக்கையை ஒட்டியே இருக்கும்; இரண்டு மூன்று கூடக்குறைய இருப்பது இயல்பு.

ஓர் அளவைவிட அடுத்தடுத்த அளவுகளே முக்கியம். 30, 32, 34 வாரங்களில் 28, 30, 32 என வந்தால் சிறிதானாலும் சீரான வளர்ச்சி. மாறாக, மூன்று முறையும் 30 என்றே நின்றால், முதல் அளவு சரியாகவே இருந்தபோதிலும், பிள்ளையின் வளர்ச்சியையும் பனிக்குட நீரையும் ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். அளவு மிகவும் கூடினால் இரட்டைப் பிள்ளை, அதிக நீர், சர்க்கரை, தவறாகக் கணித்த தேதி ஆகியவற்றை ஆராய்வார்கள்.

பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, அடுத்த அளவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.