"விரல்கூடப் படவில்லையே, பிறகு எப்படித் துரோகம்?" – தம்பதி ஆலோசகரிடம் கேள்வி பதில்

மேடம், என் கணவர் தினமும் இரவு ஒரு அலுவலகத் தோழியிடம் வாட்ஸ்அப்பில் பேசுகிறார். கேட்டால் "விரல்கூடப் பட்டதில்லை" என்கிறார். நான்தான் வீணாகச் சந்தேகப்படுகிறேனா?

எத்தனை செய்தி, எத்தனை மணி என்பதை வைத்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஷெர்லி கிளாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், நட்பு எங்கே வேறு உறவாக மாறுகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வீட்டில் இல்லாத மனநெருக்கம் அங்கே இருப்பது, அதை மறைப்பது, இருவருக்கும் இடையே ஓர் ஈர்ப்பு ஓடுவது. மணவாழ்வில் கணவன் மனைவிக்கு நடுவே ஜன்னலும், வெளியாருக்கு எதிரே சுவரும் இருக்க வேண்டும் என்பார். பிரச்சினை தொடங்கும்போது இது இடம் மாறிவிடுகிறது: தோழிக்கு ஜன்னல், மனைவிக்குச் சுவர்.

எனவே செய்திகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவர் பேச்சைத் தொடர்கிறாரா, போனைக் கவிழ்த்து வைக்கிறாரா? உங்கள் இருவருக்கும் நடந்த சண்டை அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? அவர்கள் பேசுவது உங்களுக்குத் தெரியுமா? ஒரு பக்கம் மட்டும் தகவல் போகிறதென்றால், உங்கள் கலக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. இரு பக்கமும் போகிறதென்றால் இது நேர ஒதுக்கீட்டுச் சண்டையாகவும் இருக்கலாம். அதுவும் சண்டைதான், ஆனால் வேறு சண்டை.

ஆண்களை வாட்டுவது உடல் துரோகம், பெண்களை வாட்டுவது மனத் துரோகம் என்று 1992 ஆய்விலேயே நிரூபித்துவிட்டார்களே. பரிணாமம் எழுதி வைத்ததைப் பேசி மாற்ற முடியுமா?

பரிணாம உளவியலாளர் டேவிட் பஸ் குழுவின் ஆய்வைச் சொல்கிறீர்கள். பாதி சரி. கல்லூரி மாணவர்களிடம், இரண்டில் எது அதிகம் வலிக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். ஆண்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் உடல் உறவு என்றார்கள். பெண்களில் 83 சதவீதம் பேர் மன உறவு என்றார்கள். அதே எண்ணைத் திருப்பிப் படியுங்கள்: பத்து ஆண்களில் நான்கு பேர் மன உறவுதான் அதிகம் வலிக்கும் என்றிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பவர் அந்த ஆறில் ஒருவரா, நான்கில் ஒருவரா என்று பரிணாமம் உங்களுக்குச் சொல்லாது. அவரைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, அவர்கள் கற்பனை செய்து சொன்னவர்கள். பின்னர் கிறிஸ்டின் ஹாரிஸ் என்ற உளவியலாளர், உண்மையிலேயே ஏமாற்றப்பட்டவர்களிடம் கேட்டார். ஆண், பெண் இருவருமே மன உறவைப் பற்றித்தான் அதிகம் உழன்றிருந்தார்கள். என் அறையில் நான் பார்ப்பதும் பெரும்பாலும் அதுதான். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் பேச விரும்பி வருகிறவர்கள், அதை எல்லாருக்கும் பொருத்திவிட முடியாது.

உளவியல் பாடம் எடுப்பவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். டெஸ்டெனோ, சலோவே என்ற உளவியலாளர்கள் இருவரும் இதற்கு வேறு விளக்கம் தந்தார்கள். ஒன்று நடந்தால் மற்றதும் நடந்திருக்கும் என்று மனம் ஊகிக்கிறது, எது மற்றதையும் இழுத்து வரும் என்று தோன்றுகிறதோ அதுவே அதிகம் வலிக்கிறது என்று. இதை ஏற்கிறீர்களா?

ஏற்கிறேன் ஐயா, ஆலோசனையில் அதிகம் பயன்படுவதும் இதுதான். "அவன் அவளிடம் மனம்விட்டுப் பேசினான்" என்று ஒரு மனைவி அழும்போது, அந்த வாக்கியத்துக்குள் "அப்படியானால் உடலும் போயிருக்கும்" என்பது ஒளிந்திருக்கிறது. "ஒரே ஒரு இரவுதான்" என்று ஒரு மனைவி சொல்லும்போது, "காதல் இல்லாமல் அவளால் போயிருக்க முடியாது" என்று கணவனுக்குக் கேட்கிறது. சொல்லப்படாத அந்த ஊகத்தை வெளியே எடுத்தால்தான் எதற்காக அழுகிறார்கள் என்று தெரியும். ஆய்வாளர்கள் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

என் மனைவி வேலையை விடப் போவதாக எடுத்த முடிவை, எனக்கு முன்பே தன் பழைய கல்லூரி நண்பரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் வாய்தவறி உளறித்தான் எனக்குத் தெரிந்தது. நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். இதெல்லாம் ஒரு துரோகமா, மேடம்?

சிரிக்கிறவர்களை விடுங்கள். கிட்டத்தட்ட இதே கதையோடு ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.

அந்த மனைவி முன்பு தன்னுடன் வேலை பார்த்த ஒருவரிடம் சில மாதங்களாகப் பேசி வந்தார். தொடக்கம் வேலை விஷயம்தான். பிறகு மனைவியின் அப்பா படுத்த படுக்கையானார். கணவர் வேலைப் பளுவில் இருந்ததால், மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த நேரமெல்லாம் அந்த நண்பரிடம்தான் போனில் பேச்சு. தொட்டுக்கொண்டதில்லை, தனியாகச் சந்தித்ததும் இல்லை. கணவர் கண்டுபிடித்தது எப்படி என்றால், நண்பரின் எண் ஒரு பெண்ணின் பெயரில் பதிவாகியிருந்தது.

முதல் அமர்வு முழுக்க, "ஒன்றும் நடக்கவில்லை" என்று மனைவியும், "எல்லாம் நடந்துவிட்டது" என்று கணவரும். இருவரும் பொய் சொல்லவில்லை. துரோகம் என்றால் படுக்கை என்பது மனைவியின் கணக்கு. என்னிடம் சொல்ல வேண்டியதை இன்னொருவரிடம் சொல்வது என்பது கணவரின் கணக்கு. ஒன்பது ஆண்டு மணவாழ்வில் இதை ஒருவரையொருவர் கேட்டதே இல்லை.

அடுத்த அமர்வில் மனைவியைத் தேதிவாரியாக எழுதச் சொன்னேன். எப்போது பேச்சு அப்பாவைப் பற்றியதானது, எப்போது கணவரைப் பற்றிய குறையானது, எப்போது எண்ணின் பெயரை மாற்றினார். அந்த மூன்றாவது தேதிக்கு வந்தபோது அவரே பேனாவை வைத்துவிட்டார். "அன்றைக்கு எனக்கே தெரிந்திருக்கிறது" என்றார். எல்லையைக் கணவர் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை.

கணவருக்கு நான் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். "அவனிடம் என்ன இருக்கிறது, என்னிடம் இல்லாதது?" என்று நள்ளிரவில் குறுக்கு விசாரணை கூடாது. எப்போது தொடங்கியது, இப்போது தொடர்பு இருக்கிறதா, யாருக்கெல்லாம் தெரியும் என்பவற்றுக்கு நேரடி பதில் கிடைக்க வேண்டும். "ஏன்" என்ற கேள்வியை அமர்வுக்குக் கொண்டு வர வேண்டும். மனைவி அந்த நண்பருக்கு அனுப்பிய கடைசிச் செய்தியைக் கணவர் பார்க்க, தன் சொற்களிலேயே எழுதினார். மீண்டும் அழைப்பு வந்தால் அன்றே சொல்வதாக ஏற்றார். சொல்லவும் செய்தார்.

உங்கள் மனைவி பெயரை மாற்றி வைக்கவில்லை, அது பெரிய வித்தியாசம். அவரிடம் "ஏன் அவனிடம் சொன்னாய்" என்று தொடங்காமல், "என்னிடம் சொல்ல எது தடுத்தது" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம்.

ஆகமொத்தம் கணவன் மனைவிக்குள் ஒளிவுமறைவே கூடாது என்கிறீர்கள். நன்றி. நான் ஏற்கெனவே மனைவியின் போன் கடவுச்சொல்லை வாங்கிவிட்டேன், எங்கே போகிறாள் என்பதையும் பார்த்துவிடுவேன்.

தம்பி, நான் அப்படிச் சொல்லவே இல்லை. தோழி தன் கருச்சிதைவைப் பற்றி நம்பி எழுதிய செய்தி உங்கள் மனைவியின் போனில் இருக்கலாம். அதைப் படிக்க உங்களுக்கு என்ன உரிமை? அந்தரங்கம் வேறு, மறைப்பு வேறு. உங்கள் வாழ்வைப் பாதிக்கும் ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் வைப்பதுதான் மறைப்பு.

மூன்று கேள்விகள். அவர் கடவுச்சொல்லை விரும்பித் தந்தாரா, சண்டைக்கு அஞ்சித் தந்தாரா? உங்கள் போனும் அவரிடம் அப்படித் திறந்திருக்கிறதா? நீங்கள் கண்காணிக்கத் தொடங்கிய பிறகு அவர் சந்திக்கும் நண்பர்களும் உறவினர்களும் குறைந்துவிட்டார்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால், நடப்பதன் பெயர் கட்டுப்படுத்துதல். அந்த நிலையில் எல்லை பற்றிப் பேசுவதே மனைவிக்கு ஆபத்தாகலாம். அவர் தனியாக ஓர் ஆலோசகரைப் பார்க்கட்டும், நீங்களும் தனியாகப் பாருங்கள்.

எங்களுக்கு விரைவில் திருமணம். எது துரோகம் என்ற பேச்சை எடுத்தாலே அவர் "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்கிறார். எப்படித் தொடங்குவது அக்கா?

"நாம் உண்மையாக இருக்க வேண்டும்" என்று தொடங்கினால் இருவரும் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவீர்கள். அந்தத் தலையாட்டலுக்குப் பொருளே இல்லை. சின்னச் சின்னச் சூழ்நிலைகளாகப் பேசுங்கள்.

ஆளுக்கொரு தாளில் ஒரே பட்டியலை எழுதுங்கள்: முன்னாள் காதலரின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவது, அலுவலகப் பயணத்தில் ஒருவருடன் தனியாக இரவு உணவு, நம் சண்டையை நண்பரிடம் சொல்வது, ஒருவரின் படங்களுக்கெல்லாம் விருப்பக்குறி போடுவது, ஒருவர்மேல் சின்ன ஈர்ப்பு வந்துவிடுவது. பத்துப் பன்னிரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பரவாயில்லை', 'நடந்தால் எனக்குச் சொல்', 'வேண்டாம்' என்பதில் ஒன்றைத் தனித்தனியாகக் குறியுங்கள். பிறகு தாள்களைப் பக்கத்தில் வைத்து, வேறுபடுகிற வரிகளை மட்டும் பேசுங்கள்.

நடுவில் இருக்கிறதே 'சொல்', அதில்தான் பாதி மணவாழ்வு நடக்கிறது. பலரும் அதை விட்டுவிட்டு அனுமதிக்கும் தடைக்கும் இடையே மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் சொன்னால் தண்டனை என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "அலுவலகத்தில் ஒருவரைப் பிடித்திருக்கிறது, விலகி நடக்கிறேன்" என்று அவர் சொல்லும் நாளில் நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

குழந்தை பிறந்தபின், வேலை மாறியபின், வெவ்வேறு ஊரில் இருக்க நேர்ந்தால், மறுபடி எழுதுங்கள். பழைய தாள் அப்போது பொருந்தாது. அவர் எழுதவே மறுத்தால்? சில சமயம் அது கூச்சம், சில சமயம் வேறு. எழுத்து வழியாக என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரே ஒரு முறை. வேலை விஷயமாக வெளியூரில். மனதில் எதுவும் இல்லை, அந்தப் பெண்ணின் முழுப்பெயர்கூடத் தெரியாது. மனைவியிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

முதலில் உடல் பாதுகாப்பு. ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துச் செய்யும் நவீன எச்ஐவி பரிசோதனைகூடத் தொற்றை உறுதியாகக் காட்ட 45 நாள் வரை ஆகலாம். மற்ற பால்வினை நோய்களுக்கும் பரிசோதனை செய்யுங்கள். முடிவு வரும்வரை ஆணுறை இல்லாமல் மனைவியை நெருங்காதீர்கள். காரணம் சொல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று யோசித்தால், உங்கள் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

சொல்வது பற்றி ஆலோசகர்களே இரண்டாகப் பிரிகிறார்கள். குற்ற உணர்வை இறக்கி வைக்க மட்டும் சொல்வது, பாரத்தை அவர் தலையில் ஏற்றுவது என்பது ஒரு கட்சி. தெரியாத ஒன்றை வைத்து அவர் தன் வாழ்வைத் தீர்மானிக்கிறார், அது அநியாயம் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், அவரிடமிருந்து வன்முறை அச்சம் இல்லாத வரை. சொன்னால் முழுவதையும் ஒரே முறை சொல்லுங்கள். இன்று பாதி, அடுத்த மாதம் மீதி என்று கசியவிடுகிறவர்களின் துணைகள், அந்த இரவைவிட அந்தக் கசிவைத்தான் மன்னிக்க முடியவில்லை என்கிறார்கள்.

'மனதில் எதுவும் இல்லை' என்பதை ஆறுதல்போல முதலில் வைக்காதீர்கள். "ஒன்றுமில்லாததற்காகவா என்னைப் பணயம் வைத்தாய்?" என்று கேட்ட மனைவிகளை எனக்குத் தெரியும்.

தனியாக இருக்கும்போது ஆபாசப் படம் பார்ப்பது துரோகத்தில் சேருமா?

சில வீடுகளில் சேரும், சிலவற்றில் சேராது. மேலே சொன்ன தாளில் அதையும் ஒரு வரியாக எழுதுங்கள்.